நாப்பத்திரெண்டு நாள் செத்த கதை

இன்னா சார் கையில? அந்த நோட்டீஸ்தான், காமிங்க. அட! எக்மோர் ஹால்லேந்தா வர்றீங்க? படம் பாத்தீங்களா? செவுரு முச்சூடும் ஒரே படம், தரையில பதினோரு துணி போத்தி வச்சிருக்குமே, அத? பாத்தாச்சா! நவுந்து குந்துங்க சார். திருவொத்தியூர் வர்ற வரைக்கும் உங்கள நான் உட மாட்டேன்.

அதுல நான் இருக்கேன் சார்.

சிரிக்காதீங்க. கடசித் துணி, ஞாபகம் இருக்குதா? துணிகூட இல்ல, சாக்கு. வெட்டிப் பிரிச்ச மாவுச் சாக்கு. அதுக்கு அடியில இருக்கறது நானு. எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்ல தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க எங்க எறங்குவீங்கன்னு எனக்குத் தெரியாது, நான் எங்க எறங்குவேன்னு உங்களுக்கு அக்கறை கெடையாது. ரெண்டு பேருக்கும் நல்லது.

பேரு கன்னியப்பன். தொழிலு சாவுறது.

பயப்படாதீங்க சார், சினிமால. கும்பல்ல சாவுற ஆளு. ஈரோ ஒரு குத்து உட்டா பத்து பேரு பறப்பாங்கல்ல, அதுல எட்டாவது ஆளு நானு. இருவது வருசம். துப்பாக்கிச் சாவுன்னா நெஞ்சத் தூக்கி, ரெண்டு கையும் மேல, ஒரு சுத்து சுத்தி விழணும். கத்திச் சாவுன்னா வயித்தப் புடிச்சிகினு மொதல்ல ஈரோவ ஒரு பார்வ பாக்கணும், "நீயாடா"ன்ற மாதிரி. பாம் வெடிச்சா அடியில ஒரு பலக வச்சிருப்பான், அதுல எகிறி அந்தாண்ட போய் விழணும். எல்லாச் சாவும் எனக்கு அத்துப்படி. மாஸ்டருங்கோ சொல்லுவாங்க, "கன்னியப்பன் செத்தா தனி அழகுடா"ன்னு.

ஆனா பூங்காவனம் சொல்லுவா... பூங்காவனம் எம் பொண்டாட்டி. "இருவது வருசமா சாவுற, ஒரு படத்துலயாவது உன் மூஞ்சி தெரிஞ்சிதாய்யா?" ஒருக்கா தெரு சனம் மொத்தத்தையும் தேட்டருக்கு இட்டுகினு போனேன் சார். நான் வர்ற சீன் வந்துச்சு. முதுவு வந்துச்சு. முதுவுதான். ஒரு விநாடி. எஞ் சகல டில்லி, அவன் வாயி சாக்கட வாயி, இன்டர்வல்ல முறுக்கு துன்னுகினே சொல்றான், "முதுவு நல்லா நடிச்சிருக்குது சகல." அன்னிலேந்து தெருவுல எனக்குப் பேரு முதுவுக் கன்னியப்பன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டரே. இவருக்கும் எடுத்தாச்சு. இல்லியா? எடுத்துடுங்க சார்.

அப்பறம் வயசாயிடுச்சு, இடுப்பு புடிச்சிகிச்சு, எகிற முடியல. அப்பதான் ஒருத்தன் சொன்னான், படம் வரையிற காலேஜில சும்மா குந்துற வேல இருக்குது, பசங்க சுத்தி நின்னு வரைவாங்கோன்னு. போனேன். குந்தினேன். அங்க வந்து என்னப் பாத்தவங்கதான் கிருபா மேடம். ஈஞ்சம்பாக்கத்துல தென்னந்தோப்புக்குள்ள ஒரு ஷெட்டு, அதுல வரையிறவங்க. "படுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்"னாங்க. "எப்டிப் படுக்கணும் மேடம்?" "செத்துப்போன மாதிரி."

எனக்கு எப்டி இருந்திருக்கும்? சொல்லுங்க. தவளையக் கூப்ட்டு தண்ணில குதிக்கத் தெரியுமான்னு கேக்குறாங்கோ.

விசயம் இன்னான்னா, கடலுக்கு அந்தாண்ட சண்ட நடந்துச்சே, அதுல ஒரு பள்ளிக்கூடத்துல சனம் ஒதுங்கியிருந்துச்சாம். வெளிய போவ வழியில்லாம. அது மேலயே ஷெல்லு விழுந்துச்சு. அத வரையணும் மேடத்துக்கு. நான் கேட்டேன், "மூஞ்சி தெரியுமா மேடம்?" "தெரியலாம்"னாங்க. அவ்ளோதான் சார். "தெரியலாம்"ன்ற அந்த ஒரு வார்த்தைய மடியில கட்டிகினு வீட்டுக்கு வந்து, "பூங்கா, எம் மூஞ்சி ஆளு சைஸுக்கு எக்மோர்ல தொங்கப்போவுது. வேன் பேசிடு"ன்னேன்.

மொத நாளு போய் எல்லாச் சாவும் செஞ்சி காட்டினேன். சுத்தி விழுந்தேன், மல்லாக்க விழுந்தேன். மேடம் பேப்பரு கரித்துண்டு எல்லாம் கையில வச்சிகினு பாத்துகினே இருக்காங்க. "கன்னியப்பன், சும்மாப் படுங்க."

"எந்த மாதிரி சும்மா மேடம்? ஈரோயின் அண்ணன் செத்த மாதிரியா, வில்லன் ஆளு செத்த மாதிரியா?"

"யாரு மாதிரியும் வேணாம்."

அது எவ்ளோ கஷ்டம் தெரியுமா சார்? நான் படுத்தா கையி தானா அழகா விழுது. ஒரு கை நெஞ்சுமேல, ஒரு கை நீட்டி, தல ஒரு பக்கமா சாஞ்சி. இருவது வருசப் பழக்கம். மேடம் ஏணி மேல ஏறி நின்னு மேலேந்து வரைஞ்சாங்க. சன்னல் வெளிச்சம் சைடுல அடிக்குது. முடிச்சிட்டு காமிச்சாங்க. சத்தியமா சொல்றேன், கோயில் செலை கணக்கா இருந்துச்சு. வெலா எலும்பு ஒண்ணொண்ணுலயும் வெளிச்சம். "சோக்கா இருக்குது மேடம்! காலண்டரே போடலாம்!"ன்னேன்.

டர்ருனு கிழிச்சிட்டாங்க.

"ஏன் மேடம்?"

"காலண்டர் போடலாம்னு சொன்னீங்கல்ல, அதான்."

அப்பறம் ஏணியப் பாத்தாங்க. "இது மேலேந்து பாக்குறது, கொன்னவன் பாக்குற பார்வ"ன்னாங்க. ஏணியக் கொண்டுபோய் வெளிய சாத்திட்டு, தரையிலயே குந்திட்டாங்க. எங் காதுக்கு நேரா அவங்க கண்ணு. அதுலேந்து கடசி வரைக்கும் தரையிலதான் வரைஞ்சாங்க. நீங்க இன்னிக்குப் பாத்தப்ப உங்களுக்கே குந்திப் பாக்கணும்னு தோணலியா? தோணுச்சா? அதுக்குத்தான்.

ஆனா கிழிக்கிறது நிக்கல. நான் "சோக்கா இருக்குது"ன்னா போச்சு, டர்ரு. ஒரு வாரம் போனதும் நான் உஷாராயிட்டேன், வாயே தொறக்கல. எம் மூஞ்சப் பாத்து கண்டுபுடிச்சி கிழிக்கிறாங்க! அதுக்கப்பறம் மூஞ்சயும் சுளிச்சி வச்சிகினேன். அப்பவும் கிழிக்கிறாங்க. "ஏன் மேடம், நான்தான் நல்லால்லன்னு மூஞ்சி காட்னேனே!" "நடிக்கிறீங்க." இன்னா செய்யிறது சார் இவங்கள?

நான் ஐடியா வேற குடுத்தேன். "மேடம், நான் தனியாப் படுத்திருந்தா யாரு கொன்னான்னு எப்டித் தெரியும்? ஒரு பட்டாளத்தான நிக்க வைங்க. கையில துப்பாக்கி." மேடம் இன்னா பண்ணாங்க, மறுக்கல. வரைஞ்சாங்க. எனக்குப் பின்னாடி, சும்மா நாலு கோட்டுல, ஒரு ஆளு, துப்பாக்கி, பூட்ஸு. ஒரு நிமிசம் துணி போட்டு மூடிட்டு, திடீர்னு தூக்கிக் காமிச்சாங்க. "மொதல்ல எங்க பாத்தீங்க?"

"துப்பாக்கி மேடம்."

"அப்பறம்?"

"பூட்ஸு. சோக்கான பூட்ஸு."

"அப்பறம்?"

"அவன் மூஞ்சி."

"கீழ படுத்திருக்கறவரு?"

அட கஸ்மாலமே! கீழ படுத்திருக்கறது நானு சார்! என்ன நானே பாக்கல! நாலே கோடு அந்தப் பட்டாளத்தான். மூணு நாளு உழைச்சி வரைஞ்ச என்ன முழுங்கிட்டான். ரொட்டித் துண்ட உருட்டி அவன அழிச்சாங்க. கரிக்கோட்ட ரொட்டியால அழிப்பாங்க சார், மீதி ரொட்டிய நான் துன்னுடுவேன்.

செவப்பு கேட்டேன், அதுவும் இல்ல. போட்டோ பாத்து வரைங்க மேடம், சுளுவா முடியும்னேன். போட்டோ இருந்துச்சு அவங்ககிட்ட. காக்கிக் கவருல. பலகமேல வச்சே இருந்துச்சு, தொறக்கல. "அதுல இருக்கறவங்கள நான் கேக்கலியே கன்னியப்பன்"ன்னாங்க. "செத்தவங்கள எப்டி மேடம் கேக்கறது?" "முடியாதுல்ல. அவங்க அம்மா எங்கயோ உயிரோட இருப்பாங்க. எக்மோர்ல ஏசி ஹால்ல தம் புள்ளய அந்தக் கோலத்துல பாக்கணுமா?"

அதுக்குத்தான் கேக்கறதுக்கு ஒரு ஆளத் தேடிப் புடிச்சாங்க. தவமலர் அக்கா. வளசரவாக்கத்துல ஜாக்கெட்டு தைக்கிற அக்கா. அந்தப் பள்ளிக்கூடத்துலேந்து உயிரோட வந்தவங்க. அப்ப அவங்களுக்குப் பத்தொம்போது வயசாம். மேடம் அவங்களுக்கு வாக்கு குடுத்தாங்க. மாட்டறதுக்கு முன்னாடி நீங்க பாப்பீங்க, நீங்க வேணாம்னா நான் கிழிச்சிடுவேன். கிழிக்கிறதுல மேடம் பொய் சொல்ல மாட்டாங்க, அது எனக்குத் தெரியும்.

அந்த அக்கா மொத மொதல்ல ஷெட்டுக்கு வர்றாங்கன்னதும் எனக்கு ஒரே கொளப்பம் சார். மேடம் ஒரு மாசமாக் கிழிச்சிகினு இருக்காங்க. வர்ற அம்மா பாத்துட்டு "இன்னா இது ஒண்ணும் இல்லியே"ன்னு போய்ட்டா? எம் மூஞ்சி போச்சுல்ல? வேன் பேசியாச்சு சார்! சகலைக்கு வேற சொல்லியாச்சு!

அதனால நானே ஒரு உதவி பண்ணலாம்னு...

ஜன்னல மூடுங்க சார், புழுதி. ஆங்.

ரத்தம் காச்சினேன். சினிமா ரத்தம் எனக்குக் கைப் பாடம். சக்கரப் பாவு, கேசரிப் பவுடரு, கொஞ்சம் காப்பித் தூளு. காப்பித் தூளு போட்டாத்தான் சார் கருஞ்செவப்பா வரும், இல்லாட்டி ரோஸ் மில்க்கு மாதிரி இருக்கும். ஒரு பாட்டுலு நெறய எடுத்துகினு போயி, மேடம் வாசல்ல அக்காவ இட்டார போன நேரம் பாத்து, தலயில, நெஞ்சுல, வயித்துல ஊத்திகினு, ஷெட்டு நடுவுல விழுந்தேன். என் வாழ்க்கையிலயே அப்டி ஒரு சாவு செத்ததில்ல. ஒரு கால் மடிச்சி, கழுத்த ஒடிச்சி, கண்ணு தொறந்தாப்ல. அவார்டு சாவு.

கதவு தொறந்துச்சு.

"ஐயோ, ஆரிது?"

மேடம் கத்தறாங்க, "கன்னியப்பன்! எந்திரிங்க!" நான் எந்திரிக்கல. எனக்கு ஒரு தொழில் சுத்தம் இருக்குது சார். ஆக்‌ஷன் சொல்லிட்டா கட்டு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். இங்க யாரும் ஆக்‌ஷனே சொல்லல, அது வேற. மேடம் அழுவுற குரல்ல "மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது"ன்றாங்க. அப்பதான் எனக்கு லைட்டா உறைக்குது, எங்கியோ தப்பு நடந்துபோச்சுன்னு. சரி, எந்திரிச்சா இன்னும் பேஜாரு, செத்தே கெடப்போம்னு கெடந்தேன்.

அந்த அக்கா நடந்து வர்றாங்க. செருப்பு சத்தம் கிட்ட வருது. குனியிறாங்க. மூக்க உறிஞ்சறாங்க.

"சீனிப்பாணி மணக்குது."

அப்பதான் சார் மொத எறும்பு கடிச்சிது. தென்னந்தோப்பு எறும்பு. ஷெட்டுல எந்த ஓட்டையில இருந்துச்சோ, ரேஷன் கட வரிச மாதிரி வர்றானுங்க. காதுல ஒருத்தன். தொப்புள்ள ஒருத்தன்.

"எறும்பு ஏறுது அண்ணை. கடிக்கேல்லையோ?"

நான் பேசல. செத்தவன் எப்டிப் பேசுவான்?

அந்த அக்கா சிரிச்சிட்டாங்க சார். நெசமா. பொத்துகினு வந்த சிரிப்பு. "என்ன மனிசனப்பா இது"ன்னு சிரிக்கிறாங்க. எனக்குப் படா சந்தோசம். அப்பறம் சிரிப்பு நின்னுச்சு. ரொம்ப மெதுவா, எங்கிட்ட மட்டும் சொல்ற மாதிரி சொன்னாங்க, "செத்த சனம் இவ்வளவு வடிவாக் கிடக்கேல்லை, அண்ணை."

வடிவுன்னா அவங்க பாஷையில அழகு.

அப்பறம் அவங்க பண்ணதுதான் விசயம். கீழ பெயிண்டு சொட்டாம இருக்க ஒரு பழைய போர்வ விரிச்சிருப்பாங்க மேடம். அத எடுத்து உதறினாங்க. என்மேல போத்தினாங்க. மூஞ்ச மூடினாங்க, காலு வெளிய வந்துடுச்சு. கால இழுத்து மூடினாங்க, மூஞ்சி வெளிய வந்துடுச்சு. மறுபடி மூஞ்சிக்கு. மறுபடி காலுக்கு. நாலஞ்சி தடவ. அடியில இருக்கறது நான்ற நெனப்பே அவங்களுக்கு இல்ல. கை மட்டும் வேல செய்யுது. "துணி காணாது... துணி காணாது..." துணி போதாதுன்னு அர்த்தம். "பதினொரு பேர். நான்தான் மூடினனான். ஆரும் வரேல்லை. முதலாவது நீலக் கோடு போட்ட சாரம், ஓரம் ரெண்டு இஞ்ச் கிழிஞ்சது. ரெண்டாவது ரீச்சரின்ர சீலை, பச்சைக் கரை, முந்தானையில இஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளம்..." சாரம்னா லுங்கி, ரீச்சருன்னா டீச்சரு. தையக்காரி இல்ல? மூஞ்சியப் பத்தி ஒண்ணும் சொல்லல சார். ஒவ்வொரு துணியும் சொன்னாங்க. தையலு எந்தப் பக்கம் விட்டிருந்துச்சு, எங்க ஒட்டுப் போட்டிருந்துச்சு. பதினோராவது ஆளுக்குத் துணி தீந்துபோச்சு. நிவாரணத்துக்கு வந்த மாவுச் சாக்க வெட்டிப் போத்தினாங்களாம். அந்த ஆளு யாருன்னு தெரியாது. பேரு தெரியாது.

நான் போர்வைக்கு அடியில. எறும்பு துன்னுது. உசுரு போவுது, ஆனா அசையல. சினிமால கூட ஒரு தும்மலு போட்டுக் கெடுத்திருக்கேன். அன்னிக்கு அசையல. ஏன்னு கேக்காதீங்க. வீங்கிப்போச்சு உடம்பெல்லாம். மூணு நாளு சுண்ணாம்பு தடவிகினு திரிஞ்சேன். பூங்காவனம் கேட்டா, "படம் வரைஞ்சாங்களா, பலகாரம் சுட்டாங்களா?"

போர்வய எடுத்தப்ப பாக்கறேன், மேடம் தரையில குந்தி வரைஞ்சிகினு இருக்காங்க. என்ன இல்ல. போர்வய. அந்த அக்கா கைய இல்ல, அதுவும் கேக்காம வரைய மாட்டாங்க. அந்தத் துணி இழுபட்ட மடிப்ப மட்டும். மூக்குல ஒழுவுறதத் தொடைக்காம வரையிறாங்க.

நானு சோக்கா இருக்குதுன்னு சொல்லல. மேடம் கிழிக்கவும் இல்ல.

அதுலேந்துதான் நாப்பத்திரெண்டு நாளு. தவமலர் அக்காவே துணியெல்லாம் தேடிக் கொண்டாந்தாங்க, கெடைக்காதத தச்சாங்க, அப்பறம் கிழிச்சாங்க. இஸ்திரிப்பெட்டியால அந்தச் சூட்ட அவங்களேதான் போட்டாங்க, மூணு தடவ அளவு பாத்து. நான் அடியில படுக்கணும், மேடம் துணிய வரையணும். பெரிசாவும் இல்ல, சின்னதாவும் இல்ல, அதே அளவு. பெரிசாப் போட்டா கட்டவுட்டு ஆயிடுமாம். கலரு பாத்தீங்கல்ல? துணிக்கு துணிக் கலரு, தரைக்குத் தரக் கலரு. அவ்ளோதான். ரத்தம் எங்க அக்கான்னு நான் கேட்டேன். "வெயில்ல கொஞ்ச நேரத்தில மண் நிறம் வந்திடும் அண்ணை. பிறகு மண் எது அது எதெண்டு தெரியாது"ன்னாங்க. மேடம் அதக் கேட்டுகினே தரைக்கு பழுப்பு குழைச்சாங்க.

அதுல மூணு துணி சின்னது சார். பாத்தீங்களா? அதுக்கு என்னப் படுக்க உடல. தலகாணி வைங்க மேடம்னேன், வெக்கல. வெறுந்துணியத் தரையில விரிச்சி அப்டியே வரைஞ்சாங்க. மட்டமா. நான் அந்த மூணு நாளும் வெளிய தென்னமரத்தடில குந்தியிருந்தேன்.

யோவ் டிரைவரு, மொல்லமாப் போ, மாடு குறுக்க வருது பாரு! மெட்ராஸ்ல மாட்டுக்குத்தான் சார் லைசென்ஸு.

ஒரு நாளு அந்த அக்கா காஜா எடுத்துகினே கேட்டாங்க, "அண்ணை, நீங்கள் சினிமாவில விழேக்க சனம் என்ன செய்யும்?" "விசிலடிக்கும்கா!"ன்னேன், பெருமையா. "ஓ"ன்னாங்க. அப்பறம் ரொம்ப நேரம் காஜாவே எடுத்தாங்க.

சரி, மூஞ்சிக்கு வர்றேன். பத்துத் துணி ஆச்சு. பதினோராவது சாக்கு. சாக்கு குட்டை. ஒண்ணு மூஞ்சி தெரியணும், ஒண்ணு காலு தெரியணும். நான் மேடம் கையில கால்ல விழுந்தேன் சார். "ஒரே ஒரு மூஞ்சி மேடம். பத்து பேரும் மூடித்தான் இருக்கறாங்கோ. எங் குடும்பமே வேன்ல வருது." மேடத்துக்கு இஷ்டம் இல்ல. ஆனா நாப்பது நாளு செத்திருக்கேன், எறும்பு கடி வேற. யோசிச்சி, "வரையிறேன். தவமலர் சரின்னா இருக்கட்டும், இல்லன்னா இல்ல"ன்னாங்க.

வரைஞ்சாங்க. சாக்க காலுக்கு இழுத்துட்டு, மூஞ்சி வெளிய. ஐயோ சார்! நான் சார்! மூக்கு, மச்சம், மீசையில நாலு நர, எல்லாம். நான் ஷெட்டுல எந்த மூலைக்குப் போனாலும் எம் மூஞ்சிதான் எனக்குத் தெரியுது. மீதிப் பத்துத் துணியும் காணோம். அது எனக்கு அப்ப நல்ல விசயமாத்தான் பட்டுச்சு.

தவமலர் அக்கா வந்தாங்க. நாலு கால் ஸ்டூலு, அத நவுத்தி நவுத்திக் குந்தி மொத துணிலேந்து பாத்தாங்க. உதடு மட்டும் ஆடுது, சத்தம் இல்ல. ஒரு துணிக்கு ஒரு பேரு சொல்றாங்கன்னு நெனக்கிறேன். சின்னத் துணிங்ககிட்ட ரொம்ப நேரம் இருந்தாங்க. பத்து வரைக்கும் பாத்துட்டு பதினொண்ணுக்கு வந்தாங்க. வந்ததும் என்னத் திரும்பிப் பாத்து சிரிச்சாங்க.

"அண்ணை, நல்ல வடிவா வந்திருக்கிறியள்."

மேடம் கேட்டாங்க, "இருக்கலாமா தவமலர்? உண்மயச் சொல்லுங்க." "இருக்கட்டும். அண்ணைக்கு ஆசை, பாவம். வீட்டுச் சனமும் வருதாமே." அவ்ளோதான் சார். பாஸு! மூஞ்சி பாஸு! முதுவுக் கன்னியப்பன் செத்தான், மூஞ்சிக் கன்னியப்பன் பொறந்தான்!

நான் இன்னா சொல்லியிருக்கணும்? ரொம்ப டேங்ஸுக்கான்னு சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். வந்தது இன்னா தெரியுமா?

"மூடிடுங்க மேடம்."

எனக்கே புரியல. வாய் தானா சொல்லிச்சு. அந்த அக்கா பத்துத் துணிக்கு பத்து பேரு சொன்னாங்க சார், பதினொண்ணுல சிரிச்சாங்க. அங்க ஒரு ஆளு படுத்திருந்தான் இல்ல? அவன் எடத்துல நான் பல்லக் காட்டிகினு... பல்லு தெரியல, வாய் மூடித்தான் இருந்துச்சு, ஒரு பேச்சுக்கு. இன்னா எழவோ. சூடு புடிச்சிருக்கும் எனக்கு அன்னிக்கு. காலையில சாப்புடல வேற.

மேடம் என்னையே பாத்தாங்க. "நிஜமாவா?" "சீக்கிரம் மேடம், மனசு மாறிடும்." பெயிண்டு இன்னும் காயல. தட்டக் கத்தி எடுத்தாங்க, வெண்ணெ வழிக்கிற மாதிரி வழிச்சாங்க. மூக்கு வந்துச்சு, கண்ணு வந்துச்சு, மச்சம் வந்துச்சு. கத்திய கீழ கெடந்த நியூஸ் பேப்பர்ல தொடைச்சாங்க. கடசில எம் மூஞ்சி பேப்பர்ல வந்துச்சு சார்!

சாக்கு மேல ஏறிச்சு, காலு வெளிய வந்துச்சு. அப்பறம் ரெண்டு நாளு கால வரைஞ்சாங்க. நீங்க பாத்தீங்களே, வெறுங்காலு, அது.

வீட்ல சொன்னேனா? எப்டி சார் சொல்றது? வேனு வந்து நிக்குது. பூங்காவனம் கல்யாணப் பொடவ கட்டியிருக்கா. சகல டில்லி கூலிங் கிளாஸு. பதினாலு பேரு. எக்மோர்ல எறங்கி, படை மாதிரி உள்ள போறோம். உள்ள ஏசி, அமைதி, அவனவன் படத்துக்கு முன்னாடி காலக் கட்டிப் போட்ட மாதிரி நிக்கிறான், சில பேரு தரையிலயே குந்திட்டாங்கோ. எங்க படையும் நின்னுச்சு. டில்லி கூலிங் கிளாஸக் கழட்டினான், மறுபடி போட்டான், மறுபடி கழட்டினான். "இன்னா சகல, எல்லாம் மூடி வச்சிருக்குது? எங்கய்யா உன் மூஞ்சி?"

பதினாலு பேரும் என்னப் பாக்கறாங்க.

வாயில வந்துடுச்சு சார். "அந்தா, சாக்குக்கு அடியில, காலு தெரியுதுல்ல"ன்னு. வெரலக்கூடத் தூக்கிட்டேன். அந்த மூலையில பெஞ்சில தவமலர் அக்கா குந்தியிருக்காங்க. என்னப் பாக்கல. சாக்கப் பாத்துகினு இருக்காங்க. நான் காமிச்சேன்னா அவ்ளோதான், பதினாலு பேரும் என் காலப் பாத்து சிரிப்பாங்க, அந்தாளு மறுபடி காணாமப் போய்டுவான்.

வெரல மடக்கிட்டேன். "நான் இதுல இல்ல. மேடம் கடசி நேரத்துல வேற ஆள வச்சிட்டாங்க"ன்னேன்.

டில்லி ஆரம்பிச்சான் பாருங்க. "முதுவாச்சும் வந்துச்சா சகல?" மச்சினிச்சி சிரிக்கிறா, எல்லாம் சிரிக்கிறாங்க, வாச்மேனு உஸ்ஸு உஸ்ஸுன்றான். நானும் சிரிச்சேன், வேற இன்னா பண்றது. பூங்காவனம் குரலு மட்டும் வரல. அவதான சார் மொதல்ல திட்டணும்? தேடறேன், காணோம்.

பாத்தா, கடசிக்குப் போய்ட்டா. பதினோராவதுகிட்ட நிக்கிறா. செருப்பக் கழட்டி ஓரமா உட்டிருக்கா. எங்க பக்கத்துல சாவு வீட்டுக்குள்ள போறப்பதான் சார் அப்டிக் கழட்டுவாங்க. நான் கிட்ட போனேன். என்னப் பாக்காமயே கேக்குறா, "இவரு யாருய்யா?"

"பேரு தெரியலம்மா."

"வூட்ல தேடியிருப்பாங்கல்ல."

"தேடியிருப்பாங்க."

கண்ணுல தண்ணி ஊத்துது சார் அவளுக்கு. தேட்டர்ல ஈரோ அம்மா செத்தப்பகூட கல்லு மாதிரி முறுக்கு துன்னவ. ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஒரு மூஞ்சி இல்ல, வெறும் சாக்கும் காலும், அழுவுறா. எம் பொண்டாட்டி எனக்காக அழுவுறா, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன், அது நான்தான்னு அவளுக்குத் தெரியாது! எந்த ஆம்பளைக்கு சார் இது கெடைக்கும்? எனக்கு உள்ளுக்குள்ள குபுகுபுன்னு வருது, அழுவயா சிரிப்பான்னே தெரியல, பல்லு வெளிய வந்துடுச்சு.

பாத்துட்டா. முழங்கையால வெலாவுல ஒண்ணு வச்சா.

"செத்தவங்க முன்னாடி இன்னாய்யா இளிப்பு? கையெடுத்துக் கும்புடு."

கும்புட்டேன் சார். எங் காலயே நான் கும்புட்டேன்.